சுற்றும் ஆடு, சும்மா கிடக்கும் நாய்

ஆட்டுத் தலையை நம் ஊரில் யாரும் வீணாக்குவதில்லை. கறிக்கடையில் தலைக்கும் காலுக்கும் தனி விலை உண்டு. மயிரைப் பொசுக்கி, மண்டையைப் பிளந்து, மூளையை அலுங்காமல் எடுத்து இலையில் வைத்துக் கொடுப்பார் கடைக்காரர். மிளகு போட்டு வறுத்த மூளைக்கு வீட்டுப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். ஆனால் மண்டையைப் பிளந்ததும் உள்ளே தண்ணீர் நிறைந்த ஒரு பை தெரிந்தால் கத்தி நின்றுவிடும். "சீ, இது ஆகாது" என்று அந்தத் தலையை ஓரமாக வீசுவார்கள். அங்கே காத்திருக்கும் நாய் கவ்விக்கொண்டு ஓடும்.

நல்ல மூளையை நாம் சமைத்துத் தின்கிறோம். கெட்ட மூளை மட்டும் பச்சையாக நாய் வயிற்றுக்குப் போகிறது. ஆடுகள் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரில் தலையை முட்டி நின்று, மெலிந்து சாகும் நோய் மந்தைகளை விட்டுப் போகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மந்தை வைத்திருப்பவர்கள் இந்த நோயைப் பார்த்திருப்பார்கள். வருடத்தில் ஓரிரண்டு குட்டிகளுக்கு வரும். "கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்பார்கள் சிலர், "காத்து கருப்பு" என்பார்கள் சிலர். சுற்றுவதுதான் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் அதற்கு முன்பே சில அடையாளங்கள் தெரியத் தொடங்கிவிடும். மந்தை நகரும்போது ஒரு குட்டி மட்டும் பின்தங்கும். மற்றவை குரலுக்குத் திரும்பும்போது அது திரும்பாது. வாயில் புல்லைக் கவ்வியபடி மெல்ல மறந்து நிற்கும். ஒரு பக்கத்து முள்செடியில் அடிக்கடி போய் மோதும். காய்ச்சல் இருக்காது, கழிச்சல் இருக்காது, மூக்கு ஒழுகாது. இரண்டு மூன்று வாரம் போனபின் தலை ஒரு பக்கம் சாயும். பிறகு அந்தப் பக்கமாகவே சுற்றத் தொடங்கும். முதலில் வட்டம் பெரிதாக இருக்கும், நாளாக ஆகச் சிறுக்கும். கட்டி மூளையின் முன்பகுதியில் இருந்தால் சுற்றுவதைவிட முட்டுவது அதிகமாக இருக்கும். பட்டியின் மூலையிலோ மரத்தடியிலோ நெற்றியை அழுத்தி, தள்ளிக்கொண்டே மணிக்கணக்கில் நிற்கும். பிடித்து இழுத்து வேறு பக்கம் விட்டால் நேரே போய் அடுத்த சுவரில் முட்டும். கட்டி சிறுமூளையில் இருந்தால் கதை வேறு. ஆடு சுற்றாது. காலை அளவுக்கு மேல் தூக்கித் தூக்கி வைத்துத் தள்ளாடி விழும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு நாடாப்புழுவின் குழந்தைப் பருவம். புழுவின் பெயர் டீனியா மல்டிசெப்ஸ். அது வளர்ந்து பெரிதாகி வாழும் இடம் நாயின் சிறுகுடல். அங்கே அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை நீளும். நாய்க்கு அதனால் பெரிய தொந்தரவு கிடையாது. நன்றாகத் தின்னும், குரைக்கும், கிடையைக் காவல் காக்கும். புழுவின் வால்பக்கத்துத் துண்டுகள் முற்றியதும் ஒவ்வொன்றாகக் கழன்று மலத்தோடு வெளியே வரும். சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக, சற்று நேரம் நெளிந்துகொண்டும் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் பல்லாயிரம் முட்டைகள் இருக்கும். துண்டு காய்ந்து உடைந்ததும் முட்டைகள் புல்லிலும் மண்ணிலும் சிதறும். மழைத்தண்ணீர் அவற்றைக் குட்டைக்குக் கொண்டுபோகும். ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோடை வெயிலில் காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். மழைக்குப் பிந்திய பச்சை மேய்ச்சலும் குட்டைக்கரைப் புல்லும்தான் இதில் அதிக ஆபத்தானவை. செம்மறி மண்ணை ஒட்டி மேய்வதால் முட்டை அதன் வாய்க்குள் போவது எளிது.

ஆட்டின் குடலில் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழு இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகும். செம்மறியில் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போய்ச் சேர்ந்தவைதான் பிழைக்கும். மற்ற இடங்களில் ஒதுங்கியவை பெரும்பாலும் செத்துப்போகும். பிழைத்த புழு மூளையில் சில நாள் ஊர்ந்து, ஓர் இடத்தில் தங்கி, தன்னைச் சுற்றி நீர்ப்பையாக வளரத் தொடங்கும். ஆறு முதல் எட்டு மாதத்தில் அது ஐந்து சென்டிமீட்டர் விட்டத்துக்கும் வளரலாம். அந்தப் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மெல்லிய தோல், உள்ளே தெளிந்த நீர், தோலின் உட்பக்கத்தில் கொத்துக்கொத்தாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை. ஒரே பையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்தப் பையைத் தின்ற நாயின் குடலில் ஒவ்வொரு தலையும் ஒரு புழுவாக ஒட்டிக்கொள்ள முடியும். ஒரு தலையை வீசினோம் என்று நாம் நினைப்போம், நாய்க்குக் கிடைத்தது நூறு.

இரண்டும் ஒரே உயிரி என்று கண்டுபிடிக்க ஐரோப்பாவில் வெகுகாலம் பிடித்தது. ஆட்டு மூளையில் இருக்கும் பையில் நாடாப்புழுத் தலைகள் இருப்பதை லெஸ்கே 1780லேயே எழுதிவிட்டார். ஆனாலும் அது ஈரத்தீவனத்தால் தானாக உண்டாகும் கட்டி என்ற நம்பிக்கை ஓயவில்லை. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த கூக்கன்மைஸ்டர் 1850களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆட்டு மூளையின் பையை நாய்க்குத் தின்னக் கொடுத்தார். நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்தது. அதன் முற்றிய துண்டுகளை எடுத்து ஆட்டுக்குட்டிகளுக்குக் கொடுத்தார். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குட்டிகள் தள்ளாடத் தொடங்கின. வேறு ஊர் ஆய்வாளர்களுக்கும் துண்டுகளை அனுப்பிச் செய்துபார்க்கச் சொன்னார், அங்கேயும் அதேதான் நடந்தது. நூற்றெழுபது ஆண்டுக்கு முன்பே சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிந்துபோன விஷயத்தை நம் கிடைகளில் இன்னும் காத்து கருப்பு என்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம்தான்.

அந்த இரண்டு வாரக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இளங்குட்டி ஒன்று ஒரே நேரத்தில் ஏராளமான முட்டைகளைத் தின்றுவிட்டால், கட்டி வளரும்வரை அது பொறுத்திருக்காது. பல இளம்புழுக்கள் ஒரே சமயத்தில் மூளைக்குள் ஊரும்போதே மூளை வீங்கிவிடும். காய்ச்சல், பார்வைக் குறைவு, வலிப்பு, நாலைந்து நாளில் சாவு. அறுத்துப் பார்த்தால் நீர்ப்பை எதுவும் இருக்காது. மூளையின் மேல் வெளிறிய மஞ்சள் நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் தடங்கள் மட்டும் தெரியும். துள்ளுமாரி என்றோ விஷச்செடி தின்றது என்றோ சொல்லிப் புதைத்துவிடுவார்கள். அப்படிச் சாகும் குட்டிகள் கணக்கிலேயே வருவதில்லை.

மற்றபடி இந்த நோய் தன்னைக் காட்டிக்கொள்ள மாதங்கள் எடுக்கும். அதனால்தான் நாய்மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரிசல் காட்டில் ஒரு செம்மறிக் கிடை. பங்குனியில் பிறந்த பெட்டைக்குட்டி ஒன்று மறு மாசியில் வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்குகிறது. கட்டி இந்த அளவுக்கு வளர ஏழு மாதம் என்று வைத்தால், அந்தக் குட்டி முட்டையைத் தின்றது ஆடியில். அப்போது அதற்கு நாலு மாதம், தாய்ப்பாலை விட்டு முழு மேய்ச்சலுக்கு வந்திருந்த சமயம். ஆடியில் நாய் முட்டை போட்டிருக்க வேண்டுமானால், அதற்கு ஆறு வாரம் முன்னாலேயே நாய்க்குப் புழு ஏறியிருக்க வேண்டும். பையைத் தின்ற நாளிலிருந்து முற்றிய துண்டு வெளியே வர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். அப்படியானால் வைகாசி. வைகாசியில் என்ன நடந்தது? கிடையில் சுற்றிக்கொண்டிருந்த முந்தைய ஆண்டுக் கிடாய் ஒன்றை, "செத்தா நட்டம், இப்பவே அறுத்துருவோம்" என்று அறுத்துக் கூறு போட்டார்கள். கறி நல்லாத்தான் இருந்தது. தலை மட்டும் ஆகாது என்று காவல்நாய்க்குப் போனது.

வைகாசியில் வீசிய தலைக்கும் மாசியில் சுற்றும் குட்டிக்கும் இடையில் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? அதற்குள் அந்த நாய் கிடை போகும் ஊரெல்லாம் கூடவே போயிருக்கும். கிடை மறிக்கும் வயல்களில், வரப்போரங்களில், குட்டைக்கரைகளில் எல்லாம் முட்டையைப் போட்டுவிட்டு வந்திருக்கும். இந்த மாசியில் சுற்றும் குட்டியையும் அறுத்து, அதன் தலையையும் நாய்க்கே போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

சுற்றும் ஆடு எல்லாமே இந்த நோய் அல்ல. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஆடு திடீரென்று நடத்தை மாறி, குரல் கம்மிக் கத்திக்கொண்டே இருந்து, எச்சில் ஒழுக்கி, மற்றவற்றை முட்டப் பாய்ந்தால் வெறிநோயாக இருக்கலாம். நாய் கடித்தது நமக்குத் தெரியாமலே நடந்திருக்கும். வாய்க்குள் கைவிட்டு மருந்து ஊற்றக் கூடாது, அறுக்கவும் கூடாது. தனியாகக் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வெறிநோய் பத்து நாளுக்குள் ஆட்டைக் கொண்டுபோய்விடும். மூளைக்கட்டி அப்படி அவசரப்படாது. வேகத்தை வைத்தே மற்ற நோய்களையும் ஓரளவு பிரிக்கலாம். துள்ளுமாரி மணிக்கணக்கில் கொல்லும். லிஸ்டீரியா என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலில் ஆடு சுற்றும், ஆனால் காய்ச்சல் அடிக்கும், ஒரு காது தொங்கிப்போகும், அந்தப் பக்கத்து வாயில் எச்சில் வடியும், சில நாட்களில் படுத்துவிடும். தானியத்தை அளவுமீறித் தின்ற குட்டிக்கு வைட்டமின் பி1 குறைந்தாலும் சுவரில் முட்டும். அதற்கு இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கும், பி1 ஊசி போட்டால் ஓரிரு நாளில் தேறத் தொடங்கும். மூக்குப்புழு உள்ள ஆடும் தலையை ஆட்டித் தடுமாறும். கூடவே தும்மலும் சளியும் இருக்கும். மூளைக்கட்டியில் ஆடு வாரக்கணக்கில் மெதுவாகக் கெடும், காய்ச்சல் இருக்காது, ஒரு கண் மட்டும் பார்வை இழக்கும். வயதும் உதவும். ஆறு மாதம் முதல் ஒன்றரை, இரண்டு வயது வரையுள்ள ஆடுகளுக்கே இது பெரும்பாலும் வருகிறது. மூன்று வயது தாண்டிய ஆடு சுற்றினால் வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

அந்த ஒரு கண் விஷயத்தில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது. மேலே சொன்ன பெட்டைக்குட்டியையே எடுத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிவந்தால் முதலில் அதைத் தரையில் விட்டுச் சும்மா பார்ப்பார்கள். வலப்பக்கம் சுற்றுகிறது. பிறகு ஒருவர் அதன் ஒரு கண்ணைக் கையால் மூட, மற்றவர் மறு கண்ணுக்கு நேரே விரலைச் சட்டென்று நீட்டுவார், காற்று படாமல். காற்று பட்டால் குருட்டுக் கண்ணும் இமைக்கும், ஏமாந்துவிடுவோம். வலக்கண் இமைக்கிறது, இடக்கண் இமைக்கவில்லை. டார்ச் அடித்தால் மட்டும் இடக்கண்ணின் பாப்பா சுருங்குகிறது. அப்படியென்றால் கண் கெடவில்லை, கண்ணுக்குப் பின்னால் மூளையில்தான் கோளாறு. ஆட்டின் கண் நரம்புகளில் பெரும்பகுதி குறுக்காக எதிர்ப்பக்க மூளைக்குப் போகிறது. எனவே இடக்கண் குருடு என்றால் கட்டி வலப்பக்க மூளையில். சுற்றும் பக்கமும் வலம்தான். இரண்டும் ஒத்துப்போகிறது. சில ஆடுகள் கட்டிக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஏமாற்றும். அப்போது சுற்றும் பக்கத்தைவிடக் கண்ணை நம்புவதே நல்லது.

அடுத்து மண்டையைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்ப்பார்கள். கட்டி மேற்புறமாக வளர்ந்திருந்தால், மாதக்கணக்காக உள்ளிருந்து அழுத்தியதில் அந்த இடத்து எலும்பு மெலிந்து போயிருக்கும். சில ஆடுகளில் விரல் பட்டால் அமுங்கும். கட்டி எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அமுங்கும் இடம் இல்லாத ஆடுகளும் நிறைய. அவற்றுக்குக் கண்ணையும் காலையும் சோதித்தே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

அறுவை செய்வதென்றால் குட்டியை முந்தைய நாள் இரவிலிருந்து பட்டினி போடுவார்கள். மயக்க ஊசி போட்டு, தலைமயிரைச் சிரைத்து, தோலுக்கடியில் மரப்பு மருந்து ஏற்றுவார்கள். தோலை அரைவட்டமாகக் கீறி மடித்து, எலும்பில் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் துளைப்பார்கள். மெலிந்த எலும்பாக இருந்தால் கத்தி முனையிலேயே வெட்டி எடுத்துவிடலாம். கீழே மூளை உறை. அதை மெல்லக் கீறினால், இடம் சரியாக இருந்தால் நீலம் கலந்த வெள்ளையாகப் பை தானாகவே துளைக்குள் புடைத்து வரும். ஊசிக்குழாயால் நீரை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்து, சுருங்கிய தோலை இடுக்கியால் பிடித்து, ஆட்டின் தலையைச் சாய்த்து, அவசரமில்லாமல் இழுக்க வேண்டும். பை முழுவதுமாக வந்துவிட்டால் வேலை முடிந்தது. கிழிந்து ஒரு பகுதி உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும், மூளை உறையில் அழற்சி வரும். பிறகு தோலைத் தைத்து, நோய்க்கிருமி மருந்தும் வீக்கம் வற்றும் ஊசியும் சில நாள் போடுவார்கள். தேறும் ஆடு அன்று மாலையோ மறுநாளோ எழுந்து மேயும். சுற்றுவது சில நாளில் குறையும். பார்வை திரும்ப இன்னும் கொஞ்சம் நாள் ஆகும், சிலவற்றுக்குத் திரும்புவதே இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா ஆட்டுக்கும் இது செல்லாது. ஒரே கட்டி, அதுவும் மேல்மூளையில் வெளிப்பக்கமாக இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. ஆழத்தில் இருந்தாலோ சிறுமூளையில் இருந்தாலோ கைவைப்பது கடினம். இரண்டாவது கட்டி இருந்து, அது தெரியாமலே போவதும் உண்டு. படுத்துவிட்ட ஆட்டை அறுப்பதில் பொருளில்லை. எல்லா ஊர்க் கால்நடை மருந்தகத்திலும் இதற்கு வசதியும் இருக்காது. நல்ல இனப் பெட்டை, பொலிகிடாய் என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். சாதாரண ஆடு என்றால், மெலிவதற்குள் கறிக்கு விட்டுவிடுவதே கணக்குக்குச் சரி என்பது என் கருத்து. காய்ச்சல் இல்லாத, உடம்பு தளராத ஆட்டின் கறியில் குற்றமில்லை. மருத்துவர் பார்த்து இன்ன நோய்தான் என்று சொன்ன பிறகு அறுக்க வேண்டும். இடையில் மருந்து ஏதும் கொடுத்திருந்தால் அவர் சொல்லும் நாள்வரை பொறுக்க வேண்டும்.

மாத்திரையிலேயே தீர்க்க முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அல்பெண்டசோல், பிராசிகுவாண்டல் ஆகியவை ஊர்ந்துகொண்டிருக்கும் இளம்புழுவையும் இளங்கட்டியையும் ஓரளவு கொல்லும். ஆனால் அந்தப் பருவத்தில் ஆடு சுற்றாது, நமக்கும் தெரியாது. சுற்றத் தொடங்கிய பின் பெரிய பைக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேர்வதில்லை. போய்க் கொன்றாலும் செத்த பை மூளைக்குள்ளேயே கிடந்து வீக்கத்தைக் கூட்டும். வழக்கமாக ஆட்டுக்குச் செய்யும் குடற்புழு நீக்கம் குடலில் உள்ள புழுக்களுக்கானது, மூளையைத் தொடாது. தவறாமல் மருந்து ஊற்றியும் ஆடு சுற்றுகிறதே என்று கிடைக்காரர்கள் குழம்புவது இதனால்தான். இன்னொன்று, சினையின் தொடக்கத்தில் உள்ள பெட்டைக்கு அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகும்.

வெள்ளாட்டுக்கும் இதே நோய் வரும். அதில் ஒரு வேறுபாடு உண்டு. வெள்ளாட்டில் இந்தப் பைகள் மூளையோடு நிற்காமல் தசைகளுக்கு நடுவிலும் தோலுக்கடியிலும் வளரும். கழுத்து, தொடை, விலாப்பக்கம் என்று மெத்தென்ற கட்டிகள் தட்டுப்படும். சீழ்க்கட்டி என்று கீறினால் தெளிந்த நீரும் வெள்ளைப் புள்ளித் தோலும் வரும். இந்த வகைக்கு, நூறாண்டுக்கு முன் இந்திய வெள்ளாடுகளில் இதை ஆராய்ந்த கைகர் என்ற கால்நடை மருத்துவரின் பெயரையே வைத்திருந்தார்கள். வெளியே எடுத்த அந்தப் பையையும் நாய் தின்றுவிடாமல் பார்க்க வேண்டும் என்பது அறுப்பவர்களுக்கே பல நேரம் நினைவிருப்பதில்லை.

மனிதருக்கு வருமா? பையைத் தின்பதால் வராது. பையிலிருக்கும் தலைகள் நாய், நரி வகைக் குடலில்தான் வளரும். சமைத்தால் செத்தும் விடும். ஆனால் நாய் மலத்தில் வரும் முட்டை நம் வாய்க்குள் போனால் ஆட்டுக்கு நடப்பதே நமக்கும் நடக்கலாம். மனித மூளையில் இந்தக் கட்டி 1913இல் பாரிஸ் நகரில் முதன்முதலாகப் பதிவானது. உலக அளவில் மிக அரிது என்பதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடும் பிள்ளைகளைக் கண்டித்தால் போதும். ஆனால் பச்சை உறுப்பைத் தின்ற நாயிடமிருந்து வரும் இன்னொரு நாடாப்புழு அவ்வளவு அரிதானதல்ல. எக்கினோகாக்கஸ் என்ற அந்தப் புழு ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும், மனிதருக்கும் அங்கேயே வளரும். அதுவும் இதே வழியில்தான் சுற்றுகிறது. ஐஸ்லாந்து நாட்டில் ஒருகாலத்தில் மக்களை வாட்டிய நோய் அது. 1860களிலிருந்து பச்சை உறுப்புகளை நாய்க்குப் போடாதீர்கள் என்று சிறுநூல் அச்சடித்து வீடுவீடாகச் சொல்லி, நாய்களுக்குப் புழுநீக்கம் செய்து, பல பத்தாண்டுகளில் ஒழித்துக் காட்டினார்கள்.

நாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தெருநாய்களைப் பிடித்து வைத்து மாத்திரை கொடுக்க நம்மால் ஆகாது. நம் கையில் இருப்பது தலை. சுற்றிய ஆட்டை அறுத்தால் அதன் மண்டையை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்ட பிறகுதான் நாய்க்குப் போடலாம். அவ்வளவு விறகு எதற்கு என்றால் எரித்துவிடலாம். புதைப்பதானால் மூன்று நான்கு அடி ஆழம் வேண்டும், மேலே கல்லும் முள்ளும் போட வேண்டும். ஓரடி ஆழத்தில் புதைத்ததை நாய் அன்று இரவே தோண்டிவிடும். கிடையில் தானாகச் செத்த குட்டிக்கும் இதே கதிதான். ஓடையில் தூக்கிப் போட்டால் நரியும் நாயும் பங்கு போடும். ஊர்க் கறிக்கடைகளில் ஆகாத உறுப்புகளைப் போட மூடியுள்ள ஒரு தொட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கிடையோடு இருக்கும் நாய்க்கும் வீட்டு நாய்க்கும் மாத்திரை கொடுக்கலாம். பிராசிகுவாண்டல் என்ற மருந்து இருக்க வேண்டும். பைரண்டல் மட்டும் உள்ள மாத்திரை உருண்டைப்புழுவுக்கானது, நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். இருபது கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. பச்சை உறுப்பு கிடைக்காத நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். கறிக்கடைப் பக்கம் திரியும் நாய்க்கும் கிடை நாய்க்கும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். மாத்திரை புழுவைக் கொல்லும், ஆனால் முட்டையைக் கொல்லாது. கொடுத்த பின் இரண்டு நாள் நாயை மேய்ச்சலுக்கு விடாமல் கட்டி வைத்து, அது போடும் மலத்தை ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். அடுத்த முறை ஆட்டுக்குப் புழுமருந்து வாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது நாயின் எடையையும் சொல்லி அதற்கான மாத்திரையையும் கேட்டு வாங்கி வாருங்கள்.